எடைக்கருவி காட்டும் எலும்பும் தசையும்: எதை நம்பி முடிவெடுப்பது?

வீட்டு எடைக்கருவியின் செயலியில் ‘எலும்பு எடை’ என்ற வரி குறைந்துவிட்டால், அதைப் பார்த்தவர் முன் சில வழிகள் வந்து நிற்கின்றன. அதே கருவியில் தொடர்ந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். கைப்பிடியோடு வரும் விலை கூடிய கருவிக்கு மாறலாம். ஸ்கேன் மையத்துக்குப் போய், எலும்பின் அடர்த்தியை எக்ஸ் கதிரால் அளக்கும் டெக்ஸா பரிசோதனை செய்துகொள்ளலாம். அல்லது இவை எதுவும் இல்லாமல் ஒரு நாற்காலியையும் தையல் டேப்பையும் வைத்து உடலின் நிலையை அறிய முயலலாம். ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா அண்மையில் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. அவருடைய அளவுகளையே எடுத்துக்காட்டாக வைத்து, எந்த வழி எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதைப் பார்க்கலாம்.

அக்காவின் உயரம் 155 செ.மீ., எடை 62 கிலோ. ஐம்பதாவது பிறந்தநாள் கழிந்த வாரத்தில் அவருடைய செயலி, அதுவரை 2.3 கிலோ என்று காட்டிவந்த எலும்பு எடையை 2.1 கிலோ என்று காட்டியது. மாதவிடாய் நின்று ஓராண்டு ஆகியிருந்ததால், அந்த வயதில் எலும்பு தேயும் என்று கேள்விப்பட்டிருந்த அவருக்கு அது பெரும் கலக்கமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அதே வாரத்தில் தசை எடை இரண்டு கிலோ கூடியிருந்தது. ஆனால் நல்ல செய்தியை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் அதை அவர் கவனிக்கவில்லை. இந்த இரண்டு மாற்றங்களும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்பதைப் புரிந்துகொள்ள, கருவி உண்மையில் எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கருவி அளப்பது இரண்டே இரண்டு

நாம் வெறுங்காலோடு ஏறி நிற்கும் எடைக்கருவியில் ஒவ்வொரு பாதத்தின் அடியிலும் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கின்றன. கருவி, உணர முடியாத அளவுக்குச் சிறிய மாறுமின்னோட்டம் ஒன்றை, பெரும்பாலும் 50 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு காலின் வழியே அனுப்பி மறு காலின் வழியே பெறுகிறது. அந்தப் பாதையில் மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை, அதாவது மின்மறிப்பு, ஓம் கணக்கில் ஓர் எண்ணாகக் கிடைக்கிறது. உடலின் எடை மற்றோர் எண். கருவி அளப்பது இவ்வளவுதான். உயரம், வயது, பால் ஆகியவை நாம் தட்டச்சு செய்து கொடுத்தவை. திரையில் பத்துப் பன்னிரண்டு வரிகளாக விரியும் மற்ற எல்லாமே இந்த ஐந்து எண்களை ஒரு சமன்பாட்டில் இட்டுக் கணக்கிட்டவை.

மின்னோட்டம் உப்பு கலந்த நீர் இருக்கும் வழியாகவே எளிதாகச் செல்லும். தசையில் நீர் அதிகம், கொழுப்பில் குறைவு. ஆகவே மின்மறிப்பு குறைவாக இருந்தால் நீரும், நீரை வைத்திருக்கும் கொழுப்பற்ற திசுவும் அதிகம் என்று ஊகிக்க முடிகிறது. அந்த ஊகத்துக்கு அறிவியல் அடிப்படை உண்டு; பல பத்தாண்டுகளாக ஆய்வகங்களில் பயன்பட்டுவரும் முறை இது. ஆனால் எலும்பின் கதை வேறு. எலும்பு, குறிப்பாக அதன் கெட்டியான புறப்பகுதி, மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்துவது. மின்னோட்டம் அதைச் சுற்றியிருக்கும் தசையின் வழியாகவே போய்விடும். எலும்பிலுள்ள கால்சியம் கூடினாலும் குறைந்தாலும் பாதத்தில் அளக்கப்படும் மின்மறிப்பில் அது தெரியப்போவதில்லை. அப்படியானால் 2.3 என்றும் 2.1 என்றும் வரும் எண் எங்கிருந்து வருகிறது?

இந்தியாவிலும் பரவலாக விற்ற ஒரு கருவியின் கணக்கை ஆர்வலர்கள் பிரித்தாராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள்; `openScale` என்னும் திறந்தமூலச் செயலியில் அதை யாரும் படித்துப் பார்க்கலாம். எல்லா நிறுவனங்களின் கணக்கும் இதே எண்களைக் கொண்டிருக்காது. ஆயினும் இதன் அமைப்பைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். பெண்களுக்கான பகுதியைச் சுருக்கினால் இப்படி இருக்கும்:

```python
lbm = 9.058 * (height/100)**2 + 0.32 * weight + 12.226
lbm -= 0.0068 * impedance + 0.0542 * age
bone = 0.05158 * lbm - 0.245691014
bone += 0.1 if bone > 2.2 else -0.1
muscle = weight - fat - bone
```

முதல் இரண்டு வரிகள், உயரம், எடை, மின்மறிப்பு, வயது ஆகியவற்றைக் கொண்டு கொழுப்பற்ற உடல் எடைக்கு ஓர் அடிப்படை எண்ணை உருவாக்குகின்றன. மூன்றாவது வரி அந்த எண்ணில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கை எடுத்து ‘எலும்பு’ என்று பெயரிடுகிறது. எலும்பைப் பற்றிய தனி அளவீடு எதுவும் இதில் இல்லை என்பதை மேலே உள்ள ஐந்து வரிகளிலேயே காணலாம். எலும்பு எடை என்பது கொழுப்பற்ற எடையின் நிழல் மட்டுமே. அதிலும் மின்மறிப்புக்குக் கிடைக்கும் பங்கு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. மின்மறிப்பு 450 ஓமிலிருந்து 650 ஓமுக்கு மாறினாலும், அது மிகப் பெரிய மாற்றம், எலும்பு எடை 70 கிராம் அளவுக்கே மாறும். எண்ணைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உயரமும் எடையும்தான்.

நான்காவது வரி இன்னும் முக்கியமானது. கணக்கிட்ட விடை 2.2-ஐத் தாண்டினால் 0.1 கூட்டு, இல்லையென்றால் 0.1 கழி என்கிறது அது. ஆகவே 2.2-இன் இரு பக்கமும் 200 கிராம் இடைவெளி விழுகிறது. அக்காவின் மின்மறிப்பு 550 ஓம் என்று வைத்துக்கொண்டு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 49 வயது என்று கொடுத்தால் மூன்றாவது வரியின் விடை 2.2009, அது 2.2-ஐத் தாண்டுவதால் திரையில் 2.3 கிலோ. வயதை மட்டும் 50 என்று மாற்றினால் விடை 2.1981, இப்போது 0.1 கழிக்கப்பட்டு 2.1 கிலோ. இரண்டு விடைகளுக்கும் உள்ள உண்மையான இடைவெளி மூன்று கிராம். அந்த மூன்று கிராமும் எலும்பில் தேய்ந்ததன்று, வயது என்ற கட்டத்தில் ஓர் எண் ஏறியதால் வந்தது. அதே ஐம்பது வயதில், ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டு 62.2 கிலோவோடு ஏறி நின்றால், விடை மறுபடியும் 2.2-ஐத் தாண்டி, திரை 2.3 கிலோ காட்டும். 200 கிராம் மோர் 200 கிராம் எலும்பாகிவிடுகிறது.

தசை இரண்டு கிலோ கூடியதற்கும் பிறந்தநாள்தான் காரணம். கொழுப்பைக் கணக்கிடும் பகுதியில் பெண்களுக்கு 49 வயது வரை ஒரு மாறிலியும், அதற்குமேல் வேறொரு மாறிலியும் இருக்கின்றன; இரண்டுக்கும் வித்தியாசம் 2. அந்த எல்லையைத் தாண்டிய நாளில் கணக்கில் கொழுப்பு ஏறத்தாழ இரண்டு கிலோ குறைந்து, மிச்சமாகக் கிடைக்கும் தசை அந்த அளவுக்குக் கூடிவிடுகிறது. இதைப் போன்றதே 60 கிலோ எல்லையும். அந்தக் கணக்கின்படி, அக்காவின் உயரமும் வயதும் உள்ள பெண் ஒருவர் எடை குறைத்து 60.1 கிலோவிலிருந்து 59.9 கிலோவுக்கு வந்தால், தசை எடை ஒரே நாளில் ஒன்றரை கிலோ கூடியதாகத் தெரியும். தாம் செய்த உடற்பயிற்சி பலன் தந்துவிட்டது என்று அவர் மகிழ்ந்துபோவார். மறுநாள் உப்பு கூடிய ஊறுகாய் சாப்பிட்டு எடை சற்று ஏறினால் அந்தத் தசை காணாமல் போய்விடும்.

‘எலும்பு எடை’ எதன் எடை?

கருவிகள் ‘எலும்பு எடை’ என்று சொல்வது எலும்புக்கூட்டின் முழு எடை அன்று. மஜ்ஜையும் நீரும் புரதமும் சேர்ந்த முழு எலும்புக்கூடு, 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 7.8 கிலோ என்று கதிரியக்கப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பின் மேற்கோள் அட்டவணை கூறுகிறது. கருவி காட்டும் இரண்டு கிலோ சொச்சம், எலும்பிலுள்ள தாது உப்புகளின் எடை இவ்வளவு இருக்கலாம் என்ற மதிப்பீடு. ‘என் உடம்பில் எலும்பே இரண்டு கிலோதானா’ என்று கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்துக்கு அடிப்படையில்லை.

கையேடுகளில் கொடுக்கப்படும் ஒப்பீட்டு அட்டவணையும் இதே இயல்புடையது. ஜப்பானின் டனிடா நிறுவனம் பெண்களுக்கு 50 கிலோவுக்குக் கீழ் 1.95 கிலோ, 50 முதல் 75 கிலோ வரை 2.40 கிலோ, அதற்குமேல் 2.95 கிலோ என்று சராசரிகளைத் தருகிறது. 51 கிலோ பெண்ணுக்கும் 74 கிலோ பெண்ணுக்கும் ஒரே சராசரி. உயரம் அட்டவணையில் இல்லவே இல்லை. நம் ஊர்ப் பெண்களில் பலர் குள்ளமானவர்கள் என்பதால் அந்த நடுவரிசையைவிடக் குறைவாகவே அவர்களுக்கு வரும். எலும்புப்புரை நோயோ குறைந்த எலும்பு அடர்த்தியோ உள்ளவர்களுக்கு மதிப்பீடு சரியாக இராது என்று அந்த நிறுவனமே குறிப்பு எழுதியிருக்கிறது. அதாவது யாருக்கு இந்த எண் மிகவும் தேவையோ, அவர்களிடமே இது தவறும்.

கருவி ஒருவேளை எலும்பை உண்மையாகவே அளந்தாலும்கூடப் போதாது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பு ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை குறையக்கூடும். இரண்டு கிலோவில் அது 20 முதல் 40 கிராம். திரையோ 100 கிராம் படிகளில் நகர்கிறது. உண்மையான தேய்மானம் ஒரு படி நகர இரண்டரை ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை ஆகும். ஒரு வாரத்தில் 200 கிராம் குறைந்தது என்று எந்தக் கருவி சொன்னாலும், உடலில் அப்படி நடக்க வழியில்லை என்று அந்த ஒரு காரணத்தாலேயே முடிவு செய்துவிடலாம்.

இதில் கேடு விளைவிக்கும் பக்கமும் இருக்கிறது. உடல் பருமனைக் குறைக்க நடந்து, அரிசிச் சோற்றைக் குறைத்து, ஆறு கிலோ இறங்கியவருக்கு இந்தச் சமன்பாடு எலும்பையும் 100 கிராம் குறைத்துக் காட்டும். அதைக் கண்டு பயந்து நல்ல வழக்கத்தைக் கைவிடுவோரும், தாமாகவே கால்சியம் மாத்திரையை இரட்டிப்பாக்குவோரும் உண்டு. மறுபக்கத்தில், 80 கிலோ எடையுள்ள மூதாட்டிக்குக் கருவி ‘எலும்பு எடை: சிறப்பு’ என்று பச்சை நிறத்தில் காட்டும், எடை கூடினால் அந்த எண்ணும் கூடும் என்பதைத் தவிர அதற்குப் பொருளில்லை. இவற்றில் இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது, ஏனெனில் பயந்தவர் மருத்துவரிடமாவது போவார்.

தசை எடை: ஓரளவு பொருளுள்ள எண், தவறான பெயர்

தசை எடையை முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. கடைசி வரியைப் பாருங்கள்: மொத்த எடையில் கொழுப்பையும் எலும்பையும் கழித்தால் மிஞ்சுவதெல்லாம் தசை. அந்த மிச்சத்தில் கல்லீரல், இதயம், குடல், ரத்தம், தோல், உடல் முழுவதும் உள்ள நீர் எல்லாம் அடக்கம். அக்காவுக்குத் திரை காட்டுவது ஏறத்தாழ 36 கிலோ. ஆனால் கையையும் காலையும் அசைக்கும் எலும்புத் தசை பெண்களின் உடல் எடையில் சராசரியாக முப்பது சதவீதம் சொச்சம்; அவருக்கு அது 18, 19 கிலோவாக இருக்கலாம். வேறு நிறுவனத்தின் கருவி ‘எலும்புத் தசை’ என்ற தலைப்பில் 19 கிலோ காட்டினால், பழைய கருவியின் 36-லிருந்து பாதித் தசை போய்விட்டதாகப் பொருளில்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களின் பெயர்கள்.

இந்த மிச்சத்தில் நீர் கலந்திருப்பதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை. மே மாத வெயிலில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு, வியர்த்த உடலோடு வந்து கருவியில் ஏறினால், வியர்வையால் நீர் இழப்பும், சூடான தோலில் கூடிய ரத்த ஓட்டமும் மின்மறிப்பை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும். குதிகால் வெடித்துக் காய்ந்திருந்தால் தகட்டோடு தொடர்பு சரியாக அமையாமல் மின்மறிப்பு கூடி, தசை குறைவாகத் தெரியும். மாலையில் கால் வீங்கியிருந்தால் நேர்மாறாக நடக்கும்: கால்களின் வழியாக மட்டுமே மின்னோட்டம் போவதால், அங்கே தேங்கிய நீர் மின்மறிப்பைக் குறைத்து, வீக்கத்தைத் தசை வளர்ச்சியாகக் காட்டிவிடும். ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின் மாத்திரை எடுக்கும் பலருக்குக் கணுக்கால் வீங்குவது உண்டு. அப்படிப்பட்டவர்களின் தசை எண்ணை ஒருபோதும் கணக்கில் கொள்ளக் கூடாது. செயலியில் ‘விளையாட்டு வீரர்’ என்ற தேர்வை அழுத்தினால் சமன்பாடே மாறி, அந்த நொடியிலேயே சில கிலோ தசை கூடிவிடும் கருவிகளும் இருக்கின்றன.

ஆகவே தசை எண்ணைப் பயன்படுத்துவதானால், காலையில் எழுந்து, கழிவறை சென்று வந்து, எதுவும் அருந்துவதற்கு முன், ஈரமில்லாத சுத்தமான பாதத்தோடு ஏறி, வாரத்துக்கு ஒரே கிழமையில் குறித்துவைத்து, மூன்று மாதப் போக்கை மட்டும் பார்க்க வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைந்த மாற்றத்துக்கு நான் பொருள் தேட மாட்டேன். பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் இந்த மின்னோட்டக் கருவியையே தவிர்க்க வேண்டும்.

கைப்பிடிக் கருவிக்கு மாறினால் என்ன கிடைக்கும்?

அக்கா முதலில் நினைத்த வழி இதுதான். பாதத்துக்கு நான்கும் கைக்கு நான்குமாக எட்டு மின்முனைகள் உள்ள கருவியில், இழுத்துப் பிடிக்கும் ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொரு கையையும் காலையும் உடற்பகுதியையும் அது தனித்தனியாக அளக்கும். இது உண்மையான மேம்பாடு. பாதக் கருவி, மின்னோட்டம் எட்டாத மேலுடலைக் கால்களின் அளவிலிருந்து ஊகிக்கிறது. கைப்பிடிக் கருவிக்கு அந்த ஊகம் குறைவு. தோள் அறுவைக்குப் பின் ஒரு கையில் தசை குன்றியவருக்கோ, கைகளுக்கான பயிற்சியை முறையாகச் செய்து மாற்றத்தைப் பார்க்க விரும்புபவருக்கோ இது பயன்படும்.

ஆனால் நீரைத் தசையாக எண்ணும் சிக்கல் இதிலும் அப்படியே இருக்கிறது. எலும்பைப் பொறுத்தவரை மின்முனைகள் எட்டானாலும் மின்னோட்டம் எலும்பை விட்டு விலகித்தான் செல்லும். எலும்பைப் பற்றிய கவலைக்காக இந்தக் கருவியை வாங்குவது, பணத்தைக் கேள்விக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் செலவிடுவது. அக்காவிடம் நான் உறுதியாகத் தடுத்தது இந்த ஒன்றைத்தான்.

டெக்ஸா, குதிகால் முகாம், நாற்காலி

எலும்பை நேரடியாகக் காண்பது டெக்ஸா. இரண்டு வேறுபட்ட ஆற்றலுள்ள எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, தாது எவ்வளவு கதிரைத் தடுத்தது, மென்திசு எவ்வளவு தடுத்தது என்று பிரித்து, தொடையெலும்பு இடுப்போடு சேரும் மேல்பகுதியிலும் கீழ்முதுகின் முள்ளெலும்புகளிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் தாது என்று அது கணக்கிடுகிறது. படுத்திருக்கும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதிர் அளவு, நாம் சுற்றுப்புறத்திலிருந்து சில நாட்களில் பெறும் அளவைத் தாண்டாத அளவுக்குச் சிறியது. விடை, ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்லும் ‘டி ஸ்கோர்’ என்ற எண்ணாக வரும். மைனஸ் 1 வரை இயல்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் அடர்த்திக் குறைவு; மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த இந்த எல்லைகள் மாதவிடாய் நின்ற பெண்களுக்காக உருவானவை.

இதற்கும் குறைகள் உண்டு. பரப்பளவால் வகுப்பதால், சிறிய உடல்வாகு உள்ளவர்களின் அடர்த்தி சற்றுக் குறைவாகவே தெரியும். வயதானவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் முளைத்த எலும்புத் துருத்தல்கள் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும்; அப்போது இடுப்பின் எண்ணையே நம்ப வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் சிறு வேறுபாடு இருப்பதால், இரண்டாம் முறை எடுக்கும்போது அடையாறில் ஒரு மையம், அண்ணா நகரில் ஒரு மையம் என்று மாறாமல் முதலில் எடுத்த அதே பொறியில் எடுக்க வேண்டும். ஓரிரு ஆண்டு இடைவெளியும் வேண்டும்.

அடுக்ககங்களிலும் மருந்துக் கடைகளிலும் நடக்கும் இலவச எலும்பு முகாம்களை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே பெரும்பாலும் குதிகாலை ஒரு சிறு பெட்டியில் வைத்து ஒலி அலையால் சோதிப்பார்கள். எலும்பு முறியும் வாய்ப்பைப் பற்றி அதற்கும் சொல்ல ஏதோ உண்டு. ஆனால் அங்கு வரும் டி ஸ்கோரை, டெக்ஸாவுக்கென வகுத்த எல்லைகளோடு ஒப்பிட்டு நோய் என்று தீர்மானிக்க முடியாது. ‘முகாமில் மைனஸ் 2.8 வந்தது’ என்பது மருத்துவரிடம் கேட்கத் தக்க கேள்வி, மாத்திரை தொடங்கத் தக்க விடை அன்று.

தசைக்கு நான் தேர்ந்தெடுப்பது செலவில்லாத வழியை. தசை எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அது என்ன செய்கிறது என்பதே வயதானபின் விழுவதையும் படுக்கையில் விழுவதையும் தீர்மானிக்கிறது. கைப்பிடி இல்லாத, ஏறத்தாழ 45 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் மேல் கட்டிக்கொண்டு, ஐந்து முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். ஆசிய நாடுகளின் தசைச் சிதைவு ஆய்வுக் குழு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் டேப்பை இறுக்காமல் சுற்றினால், பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் குறைவாக இருப்பது அடுத்த எச்சரிக்கை. கால் வீக்கமும் கொழுப்பும் டேப்பையும் ஏமாற்றும் என்பதால், டேப்பைவிட நாற்காலியையே நான் நம்புவேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலிச் சோதனை வலியை அளக்குமே தவிரத் தசையை அளக்காது. அவர்களுக்குக் கையால் இறுக்கிப் பிடிக்கும் வலிமையை அளக்கும் கருவி பிசியோதெரபி மையங்களில் கிடைக்கும்.

அக்கா எடுத்த முடிவு

எடைக்கருவியின் 2.1 என்ற எண் ஸ்கேன் எடுக்கக் காரணமாகாது என்று அக்காவிடம் சொன்னேன். ஆனாலும் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். காரணம் எங்கள் அம்மா. குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பெற்றோருக்கு இடுப்பு முறிந்திருப்பது எலும்பு முறிவு ஆபத்தைக் கணக்கிடும்போது கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. சிறு விழுகையிலேயே முன்பு எலும்பு முறிந்திருப்பது, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை உண்டது, 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றது, மிகக் குறைந்த உடல் எடை, முடக்குவாதம் ஆகியவையும் அவ்வாறே. இவற்றில் ஒன்று இருந்தால், இந்தப் பரிசோதனைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 65 வயது வரை காத்திராமல் மருத்துவரிடம் டெக்ஸா பற்றிக் கேட்கலாம். எதுவும் இல்லாத ஐம்பது வயதுப் பெண்ணுக்கு இப்போதைக்கு அது அவசரமில்லை.

“அப்போ அந்த மெஷின் சொன்னது சரிதானே?” என்று அக்கா கேட்டார், இடுப்பில் மைனஸ் 1.3 என்று அறிக்கை வந்தபோது. இல்லை. பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் 2.3 என்று அது காட்டியபோதும் அவருடைய இடுப்பெலும்பின் அடர்த்தி இதேதான். அம்மாவின் முறிவைப் பற்றிக் கருவிக்கு எதுவும் தெரியாது. மருத்துவர் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லி, எடை தாங்கும் பயிற்சியைக் கூட்டச் சொல்லி, இரண்டாண்டு கழித்து அதே பொறியில் மறுபடி எடுக்கச் சொன்னார். அறிக்கையின் நகலில் பொறியின் மாதிரிப் பெயரையும், இடுப்பின் எந்தப் பகுதிக்கு எந்த எண் என்பதையும் அக்கா தனியே குறித்து வைத்திருக்கிறார். எடைக்கருவி வீட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஞாயிறு காலையில் அதில் ஏறி அவர் எழுதிக்கொள்வது மொத்த எடை ஒன்றை மட்டும்.